நேர்கோட்டுக்குள் ஒளிந்திருந்த வினை

நைட்ரஜன் பென்டாக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. N₂O₅ என்று எழுதுவார்கள். அடர் நைட்ரிக் அமிலத்திலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் மிஞ்சும் வெள்ளைப் படிகம் அது. அடக்கமாக ஓரிடத்தில் இருக்கும் சாதி அல்ல. குளிரில் வைக்காவிட்டால் ஆவியாகிவிடும். ஆவியான பிறகும் நிலைத்திருக்காது. நிறமற்ற ஆவி கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறும். அந்தப் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு. கூடவே ஆக்சிஜனும் வெளிவரும்.

2N₂O₅ → 4NO₂ + O₂

இந்தப் பொருள் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று 1921-இல் ஃபாரிங்டன் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் அமெரிக்காவில் அளந்து வெளியிட்டார்கள். கொள்கை எளிமையானது. இரண்டு மூலக்கூறு போய் ஐந்து வருகிறது என்றால், மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறும். அது எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்த்தால் போதும். செய்வதுதான் கடினம். சாதாரண பாதரச அழுத்தமானியை வைத்தால் இந்த வாயு பாதரசத்தையே அரித்துவிடும். ரப்பர் குழாய், கிரீஸ் பூசிய அடைப்பான் எதுவும் தாங்காது. எல்லாம் கண்ணாடியிலேயே இருந்தாக வேண்டும். அதற்கு மேல், வெளிவரும் NO₂-வில் ஒரு பகுதி இரண்டிரண்டாகச் சேர்ந்து N₂O₄ ஆகிவிடும். அப்போது அழுத்தம் குறைவாகக் காட்டும். ஒவ்வோர் அளவீட்டிலும் அதற்குத் திருத்தம் போட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் எடுத்த எண்கள் இன்றும் கல்லூரிப் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக வருகின்றன. ஆறு வெப்பநிலைகள், ஆறு வினைவேக மாறிலிகள்:

0 °C — 7.87 × 10⁻⁷
25 °C — 3.46 × 10⁻⁵
35 °C — 1.35 × 10⁻⁴
45 °C — 4.98 × 10⁻⁴
55 °C — 1.50 × 10⁻³
65 °C — 4.87 × 10⁻³
(எல்லாம் வினாடிக்கு)

பத்தின் அடுக்குகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். 25 டிகிரியில் 3.46 × 10⁻⁵ என்றால், லட்சம் மூலக்கூறுகள் இருந்தால் ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்றரை சிதையும் என்று பொருள். பனிக்கட்டிக் குளிரில் கோடிக்கு எட்டுதான். 65 டிகிரியில் ஆயிரத்துக்கு ஐந்து. பாதிப் பொருள் தீர எடுக்கும் நேரமாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். 0 டிகிரியில் பத்து நாள், 25-இல் ஐந்தரை மணி நேரம், 65-இல் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு.

சூடேற்றினால் வினை வேகமெடுக்கும் என்பது சமையலறை அறிந்த செய்தி. எவ்வளவு வேகமெடுக்கிறது என்ற அந்த அளவிலிருந்து, மூலக்கூறு சிதையும் கணத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்று சொல்ல முடியுமா? 1935-இல் பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி ஐரிங், முடியும் என்று எழுதினார். மான்செஸ்டரில் எவன்ஸும் போலன்யியும் அதே ஆண்டில் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் சொன்னதை மலை கடப்பதாக எண்ணிப் பார்க்கலாம். வினைபடும் மூலக்கூறு ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. விளைபொருள் மலைக்கு அந்தப் பக்கம். இடையே ஒரு கணவாய். கணவாயின் உச்சியில் நிற்கும் கணத்தில் மூலக்கூறு பழையதும் அல்ல, புதியதும் அல்ல. அந்த உருவத்துக்குக் கிளர்வுற்ற அணைவு என்று பெயர். வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, கணவாய் எவ்வளவு உயரம். இது கிளர்வு என்தால்பி, ΔH‡. இன்னொன்று, கணவாய் எவ்வளவு அகலம். செங்கோட்டைப் பக்கத்து மலைப்பாதை மாதிரி ஒடுங்கியதா, பாலக்காடு மாதிரி முப்பது கிலோமீட்டர் திறந்து கிடப்பதா? இது கிளர்வு என்ட்ரோபி, ΔS‡. உச்சியில் மூலக்கூறு பலவிதமாக ஆடலாம், சுழலலாம், தளர்ந்து நிற்கலாம் என்றால் என்ட்ரோபி கூட்டலில் வரும். அங்குல இடைவெளியில் நூல் கோப்பதுபோல் ஒரே ஒரு நிலையில்தான் கடக்க முடியும் என்றால் கழித்தலில் வரும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா வினைக்கும் பொது. உச்சியை எட்டியவை எவ்வளவு விரைவில் அந்தப் பக்கம் இறங்கும் என்பது. அதன் அளவு kT/h. இங்கே k போல்ட்ஸ்மன் மாறிலி, h பிளாங்க் மாறிலி. அறை வெப்பநிலையில் இது வினாடிக்கு ஆறு லட்சம் கோடி தடவை. வினைக்கு வினை மாறாத இந்த எண்தான் கோட்பாட்டின் அச்சாணி. மூன்றையும் பெருக்கினால் வேகம்:

k = (k_B·T/h) · e^(ΔS‡/R) · e^(−ΔH‡/RT)

(வினைவேக மாறிலியோடு குழம்பாமலிருக்க போல்ட்ஸ்மன் மாறிலிக்கு k_B என்று போட்டிருக்கிறேன்.) இரு பக்கத்தையும் T-ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்தால் நேர்கோட்டின் சமன்பாடு வந்துவிடும்:

ln(k/T) = ln(k_B/h) + ΔS‡/R − (ΔH‡/R)·(1/T)

கிடையச்சில் 1/T, நெட்டச்சில் ln(k/T). கோட்டின் சரிவு என்தால்பியைத் தரும். கோட்டை நீட்டி 1/T பூச்சியமாகும் இடத்தில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் என்ட்ரோபி.

டேனியல்ஸ் எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் வேலை வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுவது. இதை மறந்து செல்சியஸிலேயே போடுகிறவர்களை ஆண்டுக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். 0 டிகிரிப் புள்ளியில் 1/T முடிவிலி ஆகிவிடுவதால் நல்லவேளை உடனே பிடிபட்டுவிடும். 25 °C என்றால் 298.15. வினைவேக மாறிலியை அதால் வகுத்தால் 1.160 × 10⁻⁷. அதன் இயல் மடக்கை −15.969. அதற்கு நேரான 1/T, 0.003354. இப்படி ஆறு புள்ளிகள். 0 டிகிரியில் −19.665, 65 டிகிரியில் −11.148; மற்றவை இடையில். கணினி விரிதாளில் `SLOPE`, `INTERCEPT` என்ற இரண்டு கட்டளைகள் மிச்ச வேலையைச் செய்துவிடும்.

சரிவு −12,086 கெல்வின். வாயு மாறிலி 8.314-ஆல் பெருக்கினால் ΔH‡ மோலுக்கு 100.5 கிலோஜூல். வெட்டுத்துண்டு 24.58. அதிலிருந்து ln(k_B/h), அதாவது 23.76-ஐக் கழித்தால் 0.82. அதை 8.314-ஆல் பெருக்கினால் ΔS‡, கெல்வினுக்கு மோலுக்கு +6.8 ஜூல்.

கணக்குச் சரியா என்று பின்னோக்கி நடந்து பார்க்கலாம். எண்கள் என்ன சொல்கின்றன என்பதும் அப்போதுதான் புரியும். 25 டிகிரியில் உச்சியிலிருந்து இறங்கும் வேகம் வினாடிக்கு 6.21 × 10¹². அந்த உயரத்தை எட்டும் வாய்ப்பு e-யின் −40.5 அடுக்கு, அதாவது 2.5 × 10⁻¹⁸. இரண்டையும் பெருக்கினால் 1.55 × 10⁻⁵. அளந்தது 3.46 × 10⁻⁵. கணவாயின் உயரம் மட்டுமே கணக்கென்றால் வந்திருக்க வேண்டியதைவிட உண்மையான வேகம் இரண்டேகால் மடங்கு அதிகம். அந்த இரண்டேகால் மடங்குதான் +6.8 ஜூல் என்ட்ரோபி. வேறொன்றும் இல்லை.

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு. முட்டை வெள்ளைக்கரு வேகும்போது அதிலுள்ள ஆல்புமின் புரதம் குலைகிறது. அதன் கிளர்வு என்தால்பி 550 கிலோஜூல் அளவுக்குப் போகிறது. அந்த உயரம் மட்டும் இருந்தால் முட்டை எந்தக் காலத்திலும் வேகாது. ஆனால் கிளர்வு என்ட்ரோபியும் +1,300 ஜூலைத் தொடுகிறது. மடித்து முடிந்து வைத்த புரதச் சங்கிலி உச்சியில் கட்டவிழ்ந்து நிற்கிறது; அதனால் கணவாய் அவ்வளவு அகலம். அதோடு பார்த்தால் நம் +6.8 ஒன்றுமே இல்லை. N₂O₅ உச்சியில் நிற்கும்போது கீழே இருந்ததைப் போலவேதான் இருக்கிறது, சற்றே தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று படிக்கத் தோன்றும். ஒற்றை மூலக்கூறு ஒரு பிணைப்பை நீட்டி அறுத்துக்கொள்கிறது என்ற சித்திரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே இதை ஒருமூலக்கூறு வினை என்று சொல்லியிருந்தார்கள்.

இந்த +6.8-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆறு புள்ளிகளும் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. வரைபடத்தாளில் பார்த்தால் விலகலே கண்ணுக்குத் தெரியாது. கணக்கிட்டுப் பார்த்தால்தான் 45 டிகிரிப் புள்ளி கோட்டுக்கு நான்கு சதவீதம் மேலேயும், 55 டிகிரிப் புள்ளி நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழேயும் இருப்பது தெரியும். இந்த மாதிரிச் சோதனையில் நான்கு சதவீதம் குறை சொல்லக்கூடிய பிழை அல்ல. சரி, இப்போது ஒரு மாணவர் சோம்பலில் ஆறு வெப்பநிலைக்குப் பதில் 45, 55 என்று இரண்டே வெப்பநிலையில் அளந்துவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே டேனியல்ஸ் எண்கள்தான். அவருக்கு என்தால்பி 93 கிலோஜூல் வரும். என்ட்ரோபி −16 ஜூல். பக்கத்து மேசை மாணவர் 55, 65 டிகிரியில் அளக்கிறார். அவருக்கு 106 கிலோஜூல், என்ட்ரோபி +23.

ஒருவர், உச்சியில் மூலக்கூறு இறுகுகிறது, ஏதோ வளையம்போல் மடங்கி நிற்கிறது என்று அறிக்கை எழுதுவார். இன்னொருவர், இல்லை, தளர்ந்து பிரியத் தொடங்கிவிட்டது என்று எழுதுவார். இருவரும் அளந்தது ஒரே வாயு. இருவருடைய எண்களும் நல்ல எண்கள். இரண்டு புள்ளி வழியே போகும் கோடு எப்போதும் நேராகவே இருக்கும் என்பதால், தவறு நேர்ந்ததற்கான அடையாளம்கூட வரைபடத்தில் இராது.

காரணம் அந்த நீட்டல். நம் புள்ளிகள் எல்லாம் 1/T அச்சில் 0.0030-க்கும் 0.0037-க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கின்றன. என்ட்ரோபி கிடைப்பதோ பூச்சியத்தில். அதாவது வெப்பநிலை முடிவிலியாகும் இடத்தில். முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை அடியில் பிடித்திருப்பவர் மணிக்கட்டை விரற்கடை அசைத்தால், நுனி ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போய்விடும். கோட்டைப் பிடித்திருக்கும் கைப்பிடி 10 டிகிரி அகலம் என்றால், நான்கைந்து சதவீதப் பிழை போதும், என்ட்ரோபி இருபது ஜூல் அலைய. டேனியல்ஸ் 65 டிகிரி அகலத்துக்குக் கைப்பிடி வைத்திருந்ததால்தான் அவருடைய எண்களிலிருந்து என்தால்பியை அரைக் கிலோஜூல் திட்டப்பிழையோடும், என்ட்ரோபியை ஒன்றரை ஜூல் திட்டப்பிழையோடும் சொல்ல முடிகிறது. அதிலும் 0 டிகிரிப் புள்ளிதான் பெரிய தூண். பாதி தீரவே பத்து நாள் எடுக்கும் ஒரு வினையைக் காத்திருந்து அளந்தது வீண்போகவில்லை. புள்ளிகள் ஆறுதான் என்பதையும் கணக்கில் சேர்த்து, 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமென்றால் ±4 ஜூல் என்று போட வேண்டும். +6.8 கூட்டல்தான் என்று சொல்ல அது தப்பித்துவிடுகிறது, மயிரிழையில்.

அந்த இரு மாணவர்களின் எண்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். என்தால்பி 13 கிலோஜூல் கூடும்போது என்ட்ரோபியும் 39 ஜூல் கூடியிருக்கிறது. இது தற்செயல் அல்ல. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 328 கெல்வின், அதாவது 55 டிகிரி வரும். அவர்கள் அளந்த வெப்பநிலையேதான். 55 டிகிரியில் இருவரும் ΔH‡ − TΔS‡ கணக்கிட்டால் இருவருக்குமே 98.4 கிலோஜூல் வரும். ஆறு புள்ளிக் கோட்டிலிருந்து போட்டாலும் 98.3. மொத்தத் தடையை இந்தச் சோதனை மிக நன்றாக அளக்கிறது. அதை உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போதுதான் தடுமாறுகிறது. உயரத்தில் ஒரு பங்கு தவறிப் போனால், அதே அளவு அகலத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே, ஒரே வகைச் சேர்மங்கள் பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ΔH‡, ΔS‡ கண்டுபிடித்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்து, அழகான நேர்கோடு கிடைத்தது, இயற்கையின் ஈடுசெய் விதி இது என்று யாராவது சொன்னால் முதலில் அந்தக் கோட்டின் சரிவைப் பார்க்க வேண்டும். அது அளந்த வெப்பநிலைகளின் சராசரியை ஒட்டியிருந்தால், அந்தக் கோடு இயற்கை வரைந்ததல்ல, பெரும்பாலும் பிழை வரைந்தது. இப்படிப்பட்ட கட்டுரைகள் கணிசமாக வந்திருக்கின்றன.

அடுத்தது சிறிய விஷயம்போல் தெரியும். வினைச் சமன்பாட்டில் இரண்டு N₂O₅ இருக்கிறது. N₂O₅ குறையும் வேகத்தை வைத்து வினைவேக மாறிலியை வரையறுப்பதா, சமன்பாட்டுப்படி வினை நடக்கும் வேகத்தை வைத்து வரையறுப்பதா? இரண்டாவதைத் தேர்ந்தால் எல்லா எண்களும் சரிபாதியாகும். கோட்டின் சரிவு மாறாது, என்தால்பியும் மாறாது. ஆனால் வெட்டுத்துண்டு ln 2 அளவு இறங்கும்; என்ட்ரோபியில் 5.8 ஜூல் போய்விடும். நம்மிடம் இருந்ததே 6.8. அளவீட்டில் ஒன்றும் மாறாமல், வரையறையை மாற்றிய மாத்திரத்தில் கணவாயின் அகலம் காணாமல் போகிறது. இரு மூலக்கூறு மோதும் வினைகளில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. அங்கே செறிவை லிட்டருக்கு மோலில் சொல்கிறோமா, அழுத்தத்தில் சொல்கிறோமா என்பதைப் பொறுத்தே அறை வெப்பநிலையில் 27 ஜூல் வித்தியாசம் வரும். எந்த அலகில் என்று சொல்லாமல் கொடுத்த கிளர்வு என்ட்ரோபி, ஊர் பெயர் இல்லாத முகவரி.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்கில் நேரும் சறுக்கல்கள். எல்லாம் சரியாகச் செய்தும் தவறிப்போன கதை இனிமேல்தான்.

ஐரிங்கின் சமன்பாடு ஒரு கணவாய்க்கு உரியது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, ஒரே உச்சியைக் கடந்து, மறுபக்கம் இறங்குவதற்கு. வழியில் இரண்டு மூன்று கணவாய் இருந்தால் என்ன ஆகும்? சமன்பாடு எச்சரிக்கை மணி அடிக்காது. அது பாட்டுக்கு ஒரு சரிவையும் ஒரு வெட்டுத்துண்டையும் கொடுக்கும். N₂O₅ விஷயத்தில் அதுதான் நடந்திருந்தது.

சந்தேகம் ஏற்கனவே இருந்தது. மூலக்கூறு ஒன்று தனியாகச் சிதைய வேண்டுமானால், அதற்கான ஆற்றலை மற்ற மூலக்கூறுகளோடு மோதித்தான் பெற முடியும். அழுத்தத்தை மிகவும் குறைத்தால் மோதல் குறையும், வேக மாறிலியும் குறைய வேண்டும். மற்ற வாயுக்கள் அப்படியே நடந்தன. N₂O₅ மட்டும் மிகக் குறைந்த அழுத்தம்வரை அசையாமல் அதே மாறிலியைக் காட்டிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்ல முடியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1947-இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஆக் முடிச்சை அவிழ்த்தார். N₂O₅ நேராக விளைபொருளாக மாறுவதில்லை. முதலில் NO₂, NO₃ என்று இரண்டாகப் பிரிகிறது. NO₃ நிலையற்ற ஆசாமி. அநேகமாக எல்லாத் தடவையும் இரண்டும் திரும்பச் சேர்ந்து N₂O₅ ஆகிவிடுகின்றன. எப்போதாவது ஒருமுறை, NO₃-யும் NO₂-வும் மோதும்போது சேராமல், NO₃ ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை உதிர்த்து NO ஆகிறது. அந்த NO இன்னொரு NO₃-யை உடனே பிடித்து இரண்டு NO₂ ஆகிவிடும். வளிமண்டல அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், ஒரு N₂O₅ மூலக்கூறு பிரிய எடுக்கும் நேரம் நிமிடத்துக்கும் குறைவு. பாதிப் பொருள் தீர்வதற்கோ ஐந்தரை மணி. அதற்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பல நூறு தடவை பிரிந்து சேர்ந்துவிட்டிருக்கும்.

இதை எப்படிச் சோதிப்பது? வெளியிலிருந்து NO வாயுவைச் சேர்த்துப் பார்க்கலாம். NO, பிரிந்த NO₃ திரும்பச் சேருமுன் அதை விழுங்கிவிடும். அப்போது N₂O₅ முதல் பிரிவின் வேகத்திலேயே தீர வேண்டும். அப்படியே தீர்கிறது, மணிக்கணக்கு போய் வினாடிக்கணக்கில். அதோடு, அந்த முதல் பிரிவு அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும் இயல்புடையது. ஒருமூலக்கூறு வினையிடம் எதிர்பார்த்தது இதைத்தான். டேனியல்ஸ் தேடிய ஒருமூலக்கூறு வினை உண்மையில் இருந்தது. அவர் அளந்தது மட்டும் அது அல்ல.

அப்படியானால் 100.5-உம் +6.8-உம் எதன் எண்கள்? வேக மாறிலி என்று நாம் அளந்தது ஒரு சமநிலை மாறிலியும் அடுத்த படியின் வேக மாறிலியும் பெருக்கி வந்த தொகை. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகும். ஆகவே கிடைத்த என்தால்பி, பிரிவதற்கான என்தால்பியும் அடுத்த படிக்கான கிளர்வு என்தால்பியும் சேர்ந்தது. என்ட்ரோபியும் அப்படியே. இரண்டு நேர்கோட்டைக் கூட்டினால் நேர்கோடுதான் வரும் என்பதால் வரைபடம் காட்டிக்கொடுக்கவில்லை.

வளிமண்டல வேதியியலாளர்களுக்கு இந்த இரண்டு படிகளும் வேறு காரணத்துக்காகத் தேவைப்படுகின்றன. இரவு நேரக் காற்றில் NO₃-யும் N₂O₅-வும் முக்கியமான ஆட்கள். அதனால் இரண்டையும் தனித்தனியே அளந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு மோல் என்ற அளவையில் பார்த்தால், ஒன்று இரண்டாகப் பிரியும் முதல் படிக்கு என்தால்பி ஏறத்தாழ 90 கிலோஜூல், என்ட்ரோபி கூட்டல் நூறு ஜூலுக்குச் சற்று மேல். இரண்டு துண்டும் சரியான கோணத்தில் ஒன்றுகூட வேண்டிய அடுத்த படிக்கு என்தால்பி 8 கிலோஜூல்தான். என்ட்ரோபியோ கழித்தல் நூறு ஜூலுக்குச் சற்று மேல். நாம் பார்த்துவிட்டு, கணவாய் சாதாரண அகலம், மூலக்கூறு சற்றே தளர்கிறது என்று படித்தோமே, அந்தச் சிறிய +6.8, ஒரு பெரிய கூட்டலும் ஒரு பெரிய கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு வைத்த மிச்சம். அதை எந்த மூலக்கூறின் தளர்ச்சியாகவும் படிக்க முடியாது.

அந்த மிச்சத்தைத் துல்லியமாகப் பொருத்திப் பார்க்கவும் முடியாது. இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது ஒவ்வொன்றின் பிழையும் அப்படியே வந்து சேரும். ஆனால் வேகத்தைப் பொருத்திப் பார்க்கலாம். அந்த அட்டவணைகளிலுள்ள சமநிலை மாறிலியை அடுத்த படியின் வேக மாறிலியால் பெருக்கி, கூடவே இன்னொரு NO₃ போவதற்காக இரண்டால் பெருக்கினால், 25 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 3.6 × 10⁻⁵ வருகிறது. 1921-இல் கண்ணாடிப் பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்து எழுதிவைத்தது 3.46 × 10⁻⁵.